பில் ஆஃப் லேடிங்: சரக்கேற்றுச் சீட்டும் கூடவே போகும் இரண்டு தாள்களும்

கப்பலில் சரக்கு ஏறியதும் அனுப்பியவர் கைக்கு ஒரு தாள் வரும். அதன் பெயர் பில் ஆஃப் லேடிங். தொழிலில் இருப்பவர்கள் பி.எல். என்றுதான் சொல்வார்கள். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘பில்’ என்ற முதல் சொல்லே இடறிவிடும். நம் காதில் பில் என்றால் பணம் கேட்கும் தாள். அந்தப் பழக்கத்தில்தான் சிலர் இதைச் ‘சரக்குக் கட்டணப் பட்டியல்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இந்தத் தாளின் வேலை பணம் கேட்பது அல்ல.

ஆங்கிலத்தில் ‘பில்’ என்ற சொல் லத்தீன் ‘புல்லா’விலிருந்து வந்தது. புல்லா என்றால் முத்திரை. பிறகு முத்திரை பதித்த ஆவணத்துக்கும் அதுவே பெயரானது. கடைக்காரர் நீட்டும் பில் அதன் பிற்காலப் பொருள்களில் ஒன்றுதான். ‘லேடிங்’ என்பது சுமை ஏற்றுதலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையிலிருந்து வருகிறது. அந்த வினைக்கு நீர் மொள்ளுதல் என்ற பொருளும் இருந்ததால், அகப்பையைக் குறிக்கும் ‘லேடில்’ இதற்கு உறவுக்காரச் சொல். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இதே ஆவணத்தின் பெயர் ‘அறிதல்’ என்ற வினையிலிருந்து பிறந்திருக்கிறது. இந்தச் சரக்கு என்னிடம் வந்ததை அறிவேன், ஒப்புக்கொள்கிறேன் என்று கப்பல் தலைவன் சொல்வதாக அதைப் படிக்கலாம்.

அந்த ஒப்புதலே இதன் முதல் வேலை: சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி. இரண்டாவது, கொண்டுசேர்ப்பதற்கான ஒப்பந்தத்துக்குச் சான்று. மூன்றாவதுதான் இதை வெறும் ரசீதிலிருந்து பிரிக்கிறது. ‘இன்னாரின் ஆணைப்படி’ என்று எழுதப்பட்ட பி.எல்.லை அவர் மேலெழுத்திட்டு இன்னொருவரிடம் கொடுத்தால், சரக்கைக் கேட்டு வாங்கும் உரிமையும் அந்தத் தாளோடு கைமாறும். வணிகர்களிடையே இருந்த இந்த வழக்கத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிக்பாரோ எதிர் மேசன் வழக்கில் ஆங்கில நீதிமன்றமும் ஏற்றது.

ஆகவே தமிழில் எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘சரக்கேற்றுச் சீட்டு’. ‘பட்டியல்’ என்றால் பொருள்களின் வரிசை மட்டும்தான் தெரிகிறது. ‘ரசீது’ என்றால் மூன்றாவது வேலை விடுபடுகிறது. சீட்டு அப்படியல்ல. ஒருவர் எழுதித் தருவதும் சீட்டு, அதைக் காட்டி இன்னொருவர் பொருளைப் பெறுவதும் சீட்டு. பேச்சில் பி.எல். என்றே இருக்கட்டும், ஆவணத்தில் முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

கூடவே போகும் தாள்களில் ஒன்று இன்வாய்ஸ். ‘அனுப்பியவை’ என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் ஆங்கிலத்தில் இந்த உருவம் எடுத்தது. தமிழில் ‘விலைப்பட்டியல்’ நிலைத்துவிட்டது. கடையில் தொங்கும் விலை வரிசைக்கும் அதே பெயர் என்பது ஒரு குறை. ‘வணிக விலைப்பட்டியல்’ என்று எழுதினால் போதும். இன்னொன்று சுங்கத்திடம் ஏற்றுமதியாளர் கொடுக்கும் விவரம். பழந்தமிழில் சுங்கத்துக்கு ‘உல்கு’ என்ற நல்ல சொல் இருந்தது. இன்று யாருக்கும் புரியாது. ‘சுங்க அறிவிப்பு’ என்று மட்டும் எழுதினால் சுங்கத் துறை வெளியிட்ட அறிவிப்பு போலத் தோன்றும். சொல்வது யார் என்று தெரிய வேண்டும் என்பதால் ‘சுங்கத்துக்கான பொருள் அறிவிப்பு’ என்று நீட்டுவதில் தவறில்லை.

இந்த மூன்றும் ஒரே சரக்கைப் பற்றியவை, ஆனால் மூன்று வாய்கள் பேசுகின்றன. விற்றவர் தான் விற்றதைச் சொல்கிறார். கப்பல்காரர் தன் கண்ணில் பட்டதைச் சொல்கிறார். சுங்கத் தாள் அந்தப் பொருள் அரசின் எந்த வகைப்பாட்டில் விழுகிறது என்று சொல்கிறது. அதனால் மூன்றிலும் வாக்கியம் ஒன்றாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். முரண்படக் கூடாது, அவ்வளவுதான். உரிய தாள்களைக் காட்டினால் விற்றவருக்குப் பணம் தருவதாக வங்கி எழுதித் தரும் உறுதிக் கடிதம் எல்.சி.; அதற்கான ஆவணங்களை வங்கிகள் பார்க்கும் விதியும் இதுதான். எல்.சி.க்கான பன்னாட்டு விதித்தொகுப்பாக 2007இல் நடைமுறைக்கு வந்த யு.சி.பி. 600இன்படி விலைப்பட்டியலில் உள்ள பொருள் விவரம் எல்.சி.யில் உள்ளதற்கு ஒத்திருக்க வேண்டும். மற்ற தாள்களில் பொதுப்படையான சொல் போதும், ஆனால் அது முரணாக இருக்கக் கூடாது.

ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கான டி-சட்டை, 12,000 உருப்படி. துணி 60 விழுக்காடு பருத்தி, 40 விழுக்காடு பாலியெஸ்டர், பின்னல் துணி. பெட்டிக்கு 50 வீதம் 240 அட்டைப்பெட்டிகள். பெட்டியில் உள்ள துணி 7.5 கிலோ, அட்டை 1.2 கிலோ. ஆக, துணி மட்டும் 1,800 கிலோ, பெட்டியோடு 2,088 கிலோ. விலைப்பட்டியலில் ‘ஆண்களுக்கான பருத்திக் கலப்புப் பின்னல் டி-சட்டை’ என்று இருக்கிறது. பி.எல்.லில் ‘ஆயத்த ஆடைகள் அடங்கியதாகச் சொல்லப்படும் 240 அட்டைப்பெட்டிகள்’. சுங்கத் தாளில் 6109.10 என்ற குறியீடு. மூன்றும் மூன்று விதம், ஆனாலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

அந்த எண் உலக சுங்க அமைப்பின் எச்.எஸ். குறியீடு. 1988 முதல் நடப்பில் இருக்கிறது. முதல் 2 இலக்கம் அத்தியாயம், அடுத்த 2 தலைப்பு, கடைசி 2 துணைத்தலைப்பு. 61ஆம் அத்தியாயம் பின்னலாடை, 62ஆம் அத்தியாயம் பின்னல் அல்லாத ஆடை. 6109 என்பது டி-சட்டையும் பனியன் வகைகளும்; .10 பருத்தியில் ஆனது. கலப்புத் துணியில் எடையில் மிகுந்த இழை எதுவோ அதுவாகவே முழுத் துணியும் கருதப்படும் என்பது விதி. அதனால்தான் 60 விழுக்காட்டுப் பருத்தி ‘பருத்தி’ ஆகிறது. சரிபாதியாக இருந்தால் எண்வரிசையில் பின்னால் வரும் இழைக்கே இடம். அப்போது பாலியெஸ்டர் வென்று குறியீடு 6109.90 ஆகிவிடும். ஆகவே மொழிபெயர்ப்பில் விழுக்காட்டை விட்டுவிட்டால், குறியீடு ஏன் அப்படி என்று படிப்பவருக்குத் தெரியாது.

தமிழில் சிக்கல் இங்கேதான் நுழைகிறது. நாம் ஸ்வெட்டரைக்கூட ‘நெய்தது’ என்று சொல்லிவிடுவோம். பேச்சில் குற்றமில்லை. ஆனால் பின்னல் துணியை ‘நெய்த’ என்றும், டி-சட்டையைச் ‘சட்டை’ என்றும் எழுதிவிட்டால், தமிழ்த் தாளில் இருக்கும் பொருள் 6205.20க்குப் போய்விடுகிறது. அது பின்னல் அல்லாத, ஆண்களுக்கான பருத்திச் சட்டை. பக்கத்திலேயே 6109.10 என்ற எண்ணும் நிற்கும். சொல்லும் எண்ணும் வேறு வேறு அத்தியாயம். ‘வெஸ்ட்’ என்ற சொல்லும் இப்படித்தான். பிரிட்டிஷ் வழக்கில் அது பனியன், அமெரிக்க வழக்கில் மேல்சட்டைக்கு மேலே போடும் கையில்லாத அங்கி. 6109இல் வருவது முதல் பொருள். பின்னலால் ஆன அங்கி 6110க்கு உரியது. எந்தச் சொல் என்று ஐயம் வந்தால் அகராதியைவிட அந்தத் தலைப்பின் வாசகத்தைப் படிப்பதே வழி.

குறியீட்டில் கைவைக்கவே கூடாது. ஏற்றுமதி நாட்டின் தாளில் எட்டு இலக்கமும், இறக்குமதி நாட்டின் தாளில் பத்து இலக்கமும் இருக்கலாம். முதல் ஆறு ஒன்றாக இருந்தால் சரி. மீதி அந்தந்த நாடு தன் தேவைக்குச் சேர்த்துக்கொண்டது. இரண்டும் ஒன்றாக இல்லையே என்று ‘திருத்தி’விடுவது பெரிய தீங்கு.

எண்களில் இன்னொரு பொறி ‘மொத்த எடை’. நமக்கு இதற்கு இரண்டு பொருள்: எல்லாவற்றையும் கூட்டிய எடை, பெட்டியோடு சேர்ந்த எடை. துணியின் எடையைக் கூட்டி 1,800 கிலோ என்று விலைப்பட்டியலில் ஒருவர் ‘மொத்த எடை’ எழுதுவார். பி.எல்.லை மொழிபெயர்ப்பவர் 2,088க்கும் அதையே எழுதுவார். ஒரே பெயரில் இரண்டு எண்கள். ‘பொதியோடு எடை’, ‘பொதி நீங்கிய எடை’ என்று பிரித்து எழுதினால் அழகு குறையலாம், ஆனால் பிழை நேராது. ஐரோப்பிய மொழித் தாள் பலவற்றில் இதே எண் 2.088 என்று புள்ளியோடு வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். அது இரண்டு கிலோ அல்ல.

உருப்படி, பெட்டி, கண்டெய்னர் என்ற மூன்றையும் கலக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். கடல்வழிச் சரக்குக்கான பன்னாட்டு விதிகளான ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் பயணத்தில் சரக்கு முழுதும் அழிந்துபோனால், கப்பல்காரர் தர வேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பொதி ஒன்றுக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது பொதியோடு சேர்ந்த எடையில் கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்.; இரண்டில் எது கூடுதலோ அது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. கண்டெய்னருக்குள் எத்தனை பொதி என்று பி.எல்.லில் குறித்திருந்தால் அத்தனை பொதி. குறிக்கவில்லையென்றால் கண்டெய்னரே ஒரு பொதி. நம் சரக்கில் 240 பெட்டிகள் என்றால் வரம்பு சுமார் 1,60,000 எஸ்.டி.ஆர். ‘ஆடைகள் அடங்கிய ஒரு கண்டெய்னர்’ என்று சுருக்கினால் எடைக் கணக்கில் 4,176 எஸ்.டி.ஆர்.தான். சட்டப்படி மூலமே செல்லும் என்றாலும், தமிழ்த் தாளை நம்பி இழப்பீடு கணக்கிடுபவர் தவறான இடத்திலிருந்து தொடங்குவார்.

சொற்றொடர்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ‘அடங்கியதாகச் சொல்லப்படும்’ என்பதை நீட்டலாக இருக்கிறதே என்று ‘அடங்கிய’ என்று வெட்டிவிடக் கூடாது; பெட்டியைத் திறந்து பார்க்காத கப்பல்காரர் தன்னைக் காத்துக்கொள்ளும் சொல் அது. ‘கிளீன்’ பி.எல். என்பது ‘சுத்தமான’ சீட்டு அல்ல, பெட்டி நசுங்கியது, நனைந்தது போன்ற எந்தக் குறையும் குறிக்கப்படாத சீட்டு. ‘குறைக்குறிப்பற்ற’ என்பது பொருந்தும். ‘கப்பலில் ஏற்றப்பட்டது’ என்பதும் ‘ஏற்றுவதற்காகப் பெறப்பட்டது’ என்பதும் வேறு. முதலாவதைக் கேட்கும் வங்கி, ஏற்றிய தேதிக் குறிப்பு இல்லாமல் இரண்டாவதை ஏற்காது.

மூலத் தாள்களிலேயே முரண் இருந்தால்? பி.எல்.லில் 240, விலைப்பட்டியலில் 204 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் உள்ளபடியே எழுதி, சதுர அடைப்புக்குறிக்குள் ‘மூலத்தில் இவ்வாறே’ என்று குறித்து, வேலை கொடுத்தவருக்கு உடனே சொல்ல வேண்டும். 50ஆல் பெருக்கினால் 12,000 வருவது 240தான், எனவே 204 தட்டச்சுப் பிழை என்று நமக்குத் தெரியலாம். ஆனாலும் விலைப்பட்டியலைத் திருத்த வேண்டியவர் விற்றவர். சீட்டில் பிழை என்றால் அதை வழங்கிய கப்பல் நிறுவனம்.