கடனை அடைத்தால் ஸ்வாப்பும் முடிந்துவிடும் என்று யார் சொன்னது?

"கடனை மூன்று வருடம் முன்னாடியே கட்டி முடித்துவிட்டோம். அதற்குப் பரிசாக, கடனோடு போட்ட ஸ்வாப்பை முறிக்க ஐந்தரைக் கோடி கேட்டு பேங்க் கடிதம் அனுப்பியிருக்கிறது. பகல் கொள்ளை." வட்டி குறையும் காலங்களில் எல்லாம் இந்தப் புகார் வரும். நிறுவனத்தின் பெயர் மாறும், தொகை மாறும், கோபம் மட்டும் மாறாது. கடிதத்தைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் பேங்க் கேட்பது சரியாகவே இருக்கும். கையெழுத்துப் போட்ட அன்று எதை வாங்கினோம் என்று யாருமே கேட்டுக்கொள்ளாததுதான் தவறு.

வட்டி விகித ஸ்வாப் என்பது இரண்டு தரப்பு வட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம். ஒருவர் நிலையான வட்டி கொடுப்பார். மற்றவர் சந்தையோடு ஏறி இறங்கும் மிதக்கும் வட்டி கொடுப்பார். அசல் தொகை கணக்குப் போடுவதற்கு மட்டுமே. அது கை மாறுவதில்லை. அதனால்தான் அதை நோஷனல் என்கிறார்கள். '100 கோடிக்கு ஸ்வாப் போட்டோம்' என்றால் 100 கோடி வந்தது என்றோ போனது என்றோ பொருளில்லை. வட்டியிலும் இரு பக்கமும் முழுத் தொகையை அனுப்பிக்கொள்வது வழக்கமில்லை. வித்தியாசம் மட்டும் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும்.

ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் 100 கோடி கடன் வாங்குகிறது. ஐந்து வருடம், அசல் முழுவதும் கடைசியில். வட்டி, மிதக்கும் விகிதத்தோடு 2% கூடுதல். அந்த விகிதம் ஏறிவிடுமோ என்ற பயத்தில் அதே ஐந்து வருடத்துக்கு ஒரு ஸ்வாப்: நிறுவனம் 6% நிலையாகக் கொடுக்கும், மிதக்கும் விகிதத்தை வாங்கிக்கொள்ளும்.

மிதக்கும் விகிதம் 5% ஆக இருக்கும் காலாண்டில் கடனுக்கு 7% கட்ட வேண்டும். ஸ்வாப்பில் 6 கொடுத்து 5 வாங்குவதால் 1% கையைவிட்டுப் போகும். காலாண்டுக்கு 25 லட்சம். மொத்தச் செலவு 8%. விகிதம் 9% ஆனால் கடனுக்கு 11%, ஸ்வாப்பில் 3% உள்ளே வரும். மொத்தம் அதே 8%. சந்தை எங்கே போனாலும் 8%. இதற்காகத்தான் ஸ்வாப் போடப்பட்டது.

இந்த இடத்திலேயே முதல் சச்சரவு தொடங்கிவிடும். விகிதம் 5%ல் நிற்கும் காலாண்டு முடிந்ததும் 'ஸ்வாப்பில் 25 லட்சம் நஷ்டம்' என்று போர்டு மீட்டிங்கில் ஒரு வரி ஏறும். நஷ்டம் இல்லை ஐயா. கடன் பக்கத்தில் அதே அளவு மிச்சமாகியிருக்கிறது, அதை யாரும் எழுதவில்லை. வட்டி வரும் நாட்களில் ஏறும் என்று சந்தை எதிர்பார்க்கும் காலத்தில் ஸ்வாப்பின் ஆரம்பக் காலாண்டுகளில் நிலையான வட்டி கொடுப்பவர்தான் பணம் கட்டுவார். 6% என்பது ஐந்து வருடத்துக்கும் சேர்த்துச் சந்தை போட்ட சராசரி. இன்றைய 5%ஐப் பக்கத்தில் வைத்து 'பேங்க் ஒரு சதவீதம் சுருட்டுகிறது' என்று சொல்வது கணக்குத் தெரியாத பேச்சு. பேங்கின் லாபம் இருப்பது வேறு இடத்தில், அதற்குப் பிறகு வருகிறேன்.

இதைவிட எரிச்சல் தரும் நம்பிக்கை ஒன்று இருக்கிறது: எதிர்ப் பக்கத்தில் இருக்கும் பேங்க் நமக்கு எதிராகப் பந்தயம் கட்டியிருக்கிறது, வட்டி குறைந்தால் நம் பணம் அவர்கள் பைக்குப் போகிறது என்பது. வாடிக்கையாளருக்கு ஸ்வாப் விற்கும் டீலர் பேங்க் அந்த அபாயத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வது அரிது. அன்றைக்கே நேர் எதிரான ஒன்றைச் சந்தையில் போட்டு, தன் புத்தகத்தைச் சமன் செய்துகொள்ளும். நீங்கள் கொடுக்கும் 6% கடைசியில் போய்ச் சேருவது, நிலையான வட்டி தேவைப்படும் இன்னொருவரிடம்.

அவர்கள் யார்? ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும் முதல் வரிசை. முப்பது வருடம் கழித்துத் தரவேண்டிய தொகையை இன்றே வாக்குக் கொடுத்துவிட்டவர்கள் அவர்கள். வட்டி குறைந்தால் அந்தக் கடமையின் இன்றைய மதிப்பு வீங்கும், அதனால் நிலையான வட்டியை வாங்க வருகிறார்கள். நிலையான வட்டிக்குப் பத்திரம் வெளியிட்டுவிட்டு மிதக்கும் செலவுக்கு மாற விரும்பும் பெரிய கம்பெனிகளும் இந்தப் பக்கம்தான். நிலையாகக் கொடுக்கும் பக்கத்தில் உங்களைப் போல் மிதக்கும் கடன் வாங்கிய கட்டுமான, மின் உற்பத்தி, ரியல் எஸ்டேட் நிறுவனங்கள். கூடவே நிலையான வட்டிக்கு வீட்டுக் கடன் கொடுத்துவிட்டு, குறுகிய கால டெபாசிட்டில் பணம் திரட்டும் பேங்குகள். இந்தத் தற்காப்பைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க் உதாரணம். 2022ல் வட்டி ஏறிக்கொண்டிருந்தபோதே தன் ஸ்வாப்களில் பெரும்பாலானவற்றை நீக்கியது. 2023 மார்ச்சில் கடையை மூடியது. அது விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் நீண்ட காலப் பத்திரங்கள் தற்காப்பு இல்லாமல் கிடந்தது முக்கியமான ஒன்று. ஊக வணிகத்துக்காகவே போடும் ஹெட்ஜ் ஃபண்டுகளும் சந்தையில் உண்டு. அவர்கள் வேலை வேறு.

இப்போது அந்த ஐந்தரைக் கோடிக்கு வருவோம். நிறுவனம் இரண்டு வருடம் கழித்துச் சொத்தை விற்று 100 கோடிக் கடனையும் அடைத்துவிட்டது. ஸ்வாப்புக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. கடன் ஒப்பந்தம் ஒன்று, ஸ்வாப் ஒப்பந்தம் வேறொன்று. பெரும்பாலும் அது இஸ்டா மாஸ்டர் அக்ரிமெண்ட் என்னும் தனி ஆவணத்தின் கீழ் வருவது. ஒன்று செத்தால் மற்றது தானாகச் சாகாது. தொடர்ந்து ஓடவிட்டால், கடனே இல்லாமல் வட்டியின் மீது பந்தயம் கட்டியவர் இப்போது நீங்கள்தான். முறிக்க வேண்டுமென்றால் அன்றைய மதிப்பைத் தீர்க்க வேண்டும்.

அந்த மதிப்பை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இன்று சந்தையில் மூன்று வருட ஸ்வாப் விகிதம் 4% என்று வையுங்கள். உங்களிடம் இருப்பது 6%. வித்தியாசம் 2%, வருடத்துக்கு 2 கோடி, மூன்று வருடத்துக்கு 6 கோடி. வரப்போகும் பணம் என்பதால் 4%ல் இன்றைய மதிப்புக்குக் குறைக்க வேண்டும்: முதல் வருடத்து 2 கோடி 1.92 ஆகும், இரண்டாம் வருடத்தது 1.85, மூன்றாம் வருடத்தது 1.78. கூட்டினால் 5.55 கோடி. கடிதத்தில் இருந்த தொகை இதுதான், அபராதம் இல்லை. பேங்க் தான் எதிர்ப்புறம் போட்டதைக் கலைக்க ஏறக்குறைய இதே பணத்தைக் கட்ட வேண்டும். வட்டி 8%க்கு ஏறியிருந்தால் இதே கணக்கில் உங்களுக்குச் சுமார் 5.15 கோடி வந்திருக்கும். அப்போது யாரும் பகல் கொள்ளை என்று புகார் எழுதுவதில்லை.

பேங்குகள் எப்போதும் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் சிறு தொழில் நிறுவனங்களுக்கு விற்ற இத்தகைய ஒப்பந்தங்களை 2012 முதல் நிதி ஒழுங்காற்று அமைப்பு மறு ஆய்வு செய்ய வைத்தது. முறித்தால் எவ்வளவு ஆகும் என்று ஒழுங்காகச் சொல்லாததே பெரிய குறையாக வெளிவந்தது. பேங்குகள் 200 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு கொடுத்தன. ஆகவே வாய்மொழியை நம்பாதீர்கள். கையெழுத்துக்கு முன்பே 'வட்டி ஒரு சதவீதம், இரண்டு சதவீதம், மூன்று சதவீதம் விழுந்தால், ஒவ்வொரு வருட முடிவிலும் முறிக்க எவ்வளவு' என்று ஒரு அட்டவணை எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கும் பேங்கிடம் போடாதீர்கள்.

அசல் குறையும் அட்டவணையையும் பாருங்கள். வருடம் 20 கோடி வீதம் அடைபடும் கடனுக்கு, ஐந்து வருடமும் 100 கோடியாகவே நிற்கும் ஸ்வாப்பைப் போட்டு வைத்திருப்பார்கள். நான்காம் வருடத் தொடக்கத்தில் கடன் 40 கோடி, ஸ்வாப் 100 கோடி. மீதி 60 கோடிக்கு உங்களுக்குக் கடனே கிடையாது. கடன் குறையக் குறைய நோஷனலும் அதே தேதியில் அதே அளவு குறையும்படி எழுதச் சொல்லுங்கள். வட்டி நிர்ணயத் தேதி, நாள் கணக்கு முறை, எந்த அடிப்படை விகிதம் என்பதும் வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும். கடன் மூன்று மாத விகிதத்திலும் ஸ்வாப் ஒரு மாத விகிதத்திலும் இருந்தால் அந்த இடைவெளி உங்கள் தலையில்தான்.

இதில் யாரும் கவனிக்காத பொறி, தரை வரம்பு. கடன் ஒப்பந்தத்தில் 'அடிப்படை விகிதம் பூஜ்யத்துக்குக் கீழே கணக்கிடப்படாது' என்று ஒரு வரி இருக்கும். ஸ்வாப்பில் இருக்காது. விகிதம் மைனஸ் 0.5% ஆனால், ஸ்வாப்பில் நீங்கள் வாங்க வேண்டிய மிதக்கும் வட்டியே எதிர்மறையாகி 6%க்கு மேல் அந்த 0.5%ஐயும் நீங்களே கட்ட வேண்டும். கடனிலோ பூஜ்யத்துக்குக் கீழே குறைப்பு இல்லை. 8% என்று நினைத்த செலவு 8.5%. நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம். யூரோவில் பேங்குகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் விகிதமான யூரிபோர், மூன்று மாதக் கணக்கில் 2015 முதல் 2022 வரை பூஜ்யத்துக்குக் கீழேயே கிடந்தது. ஸ்வாப்பிலும் அதே தரை வரம்பை வைக்கலாம். அதற்கு விலை உண்டு, நிலையான வட்டி கொஞ்சம் கூடும். கூடட்டும்.

பேங்கின் லாபம் எங்கே என்றேன் அல்லவா? அது அந்த 6%க்குள் ஒளிந்திருக்கிறது. சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைப்பட்ட நடுவிலை 5.90% என்றால் உங்களுக்கு 6% என்பார்கள். அந்த 0.10% வருடத்துக்கு 10 லட்சம், ஐந்து வருடத்துக்கு இன்றைய மதிப்பில் சுமார் 42 லட்சம். தனி பில் வராது, அதனால் பலர் ஸ்வாப் இலவசம் என்றே நினைக்கிறார்கள். கொஞ்சம் லாபம் நியாயம்தான். உங்கள் கடன் தவறும் அபாயத்தையும் பேங்க் சுமக்கிறது. ஆனால் ஒப்பந்தம் உறுதியாகும் அதே நிமிடத்தில் நடுவிலை என்ன என்று திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், முடிந்தால் இரண்டு பேங்கிடம் ஒரே நேரத்தில் விலை கேளுங்கள். அரை மணி நேர இடைவெளியில் கேட்ட விலைகளை ஒப்பிட்டுப் பயனில்லை, சந்தை அதற்குள் நகர்ந்திருக்கும்.

கடனை முன்னதாக அடைக்கும் எண்ணம் லேசாக இருந்தாலும் முழுத் தொகைக்கும் ஸ்வாப் போடாதீர்கள். 100 கோடியில் 60 கோடிக்குப் போடுங்கள். அல்லது வட்டிக்கு உச்சவரம்பு மட்டும் தரும் கேப் வாங்குங்கள். அதற்கு முன்பணம் கட்ட வேண்டும், கட்டியதோடு சரி. வட்டி விழுந்தாலும் முறிக்கும் செலவு வராது. இப்போதே ஸ்வாப் வைத்திருப்பவர்கள், சொத்தை விற்கும் பேச்சு தொடங்கும்போதே பேங்கிடம் அன்றைய மதிப்பை வாங்கி, விற்பனை விலையைப் பேசும் மேசையில் அதையும் வைத்துவிடுங்கள். வாங்குபவர் அதே கடனைத் தொடரப் போகிறார் என்றால் ஸ்வாப்பையும் அவர் பெயருக்கு மாற்றிவிடும் வழி இருக்கிறது. அதற்கு பேங்க், நீங்கள், வாங்குபவர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரப் பதிவுக்கு முந்தின நாள் கேட்டால் நடக்காது.