85-க்குக் கீழே இறங்காது, 205-க்கு மேலே ஏறாது

மார்க் கியூபன் தன் பிராட்காஸ்ட்.காம் நிறுவனத்தை 1999-இல் யாஹூவிடம் விற்றபோது, பணமாக அல்ல, யாஹூ பங்குகளாகத்தான் வாங்கிக்கொண்டார். பங்கு சரிந்தால் சொத்தும் சேர்ந்து சரியும். அதைத் தடுக்க அவர் போட்ட ஏற்பாடு ஒரு ஜீரோ காஸ்ட் காலர். பங்கு விலை சுமார் 95 டாலராக இருந்தபோது 85 டாலர் ஸ்ட்ரைக்கில் புட் ஆப்ஷன் வாங்கினார், 205 டாலர் ஸ்ட்ரைக்கில் கால் ஆப்ஷன் விற்றார். (விலைகள் எல்லாம் 2000-இல் நடந்த பங்குப் பிரிப்புக்கு ஏற்பத் திருத்தியவை.)

புட் என்பது பங்கை 85-க்கு விற்கும் உரிமை. அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும். கால் விற்றால், பங்கை 205-க்குத் தன்னிடமிருந்து வாங்கும் உரிமையை இன்னொருவருக்குத் தருகிறார். அதற்குப் பிரீமியம் கைக்கு வரும். வந்தது போனதை ஈடுகட்டிவிட்டது, அதனால்தான் ஜீரோ காஸ்ட்.

சரி, ஆப்ஷன்களின் தவணை முடியும் எக்ஸ்பைரி நாளில் என்ன ஆகும்? பங்கு 16 டாலரில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புட் 69 டாலர் தரும், கால் காலாவதியாகும். 16-ம் 69-ம் சேர்ந்து 85. பங்கு 150-இல் இருந்தால் இரண்டு ஆப்ஷனுமே வீண். கையில் 150. பங்கு 240-க்குப் போனால் கால் வாங்கியவருக்கு 35 கொடுக்க வேண்டும், மிச்சம் 205. வரைபடமாகப் போட்டால் கீழே ஒரு தட்டை, நடுவில் ஏறும் சாய்வு, மேலே இன்னொரு தட்டை. ஒரே வரியில்:

```
min(max(S, 85), 205)
```

S என்பது அன்றைய பங்கு விலை.

எனக்கு மிகப் பிடித்த இடம் இதன் சமச்சீரின்மைதான். புட் 10 டாலர் கீழே, கால் 110 டாலர் மேலே. இரண்டின் பிரீமியமும் எப்படிச் சமமாகும்? விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அதனால் இந்தப் புட் அதிகபட்சம் தரக்கூடியது 85 தான். மேலே எல்லையே கிடையாது. நீண்ட தவணை, அன்றைய வட்டி, யாஹூ பங்கின் கடும் ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்ந்து அவ்வளவு தொலைவில் உள்ள காலுக்கும் நல்ல விலை கொடுத்தன. சாதுவான பங்கில், சில மாதத் தவணையில் இதைச் செய்தால் கால் ஸ்ட்ரைக் இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

இந்த வடிவம் எக்ஸ்பைரி அன்று மட்டுமே பொருந்தும். 2000 ஜனவரியில் யாஹூ 237 டாலரைத் தொட்டது. கால் காலாவதியாக இன்னும் காலம் இருந்ததால், விற்ற காலைத் திரும்ப வாங்கியிருந்தால் 32 டாலரைவிட நிறையவே ஆகியிருக்கும். பங்கு கையிலேயே இருப்பதால் அந்த நஷ்டத்துக்கு ஈடு உண்டு. ஆனால் பங்கை அடமானமாக வைக்காமல் காலர் போட்டவரிடம், அந்த மாதிரி நாளில் புரோக்கர் கூடுதல் மார்ஜின், அதாவது ஈட்டுப் பணம், கேட்பார். அதைக் கட்ட முடியாமல் பாதியில் காலரைக் கலைத்தவருக்கு 205-ம் கிடைக்காது.

2002 இறுதியில் யாஹூ 20 டாலருக்கும் கீழே இருந்தது.