இன்ஜினிலிருந்து ஆறாவதா, பதினைந்தாவதா?

நாகர்கோவில் சந்திப்பு மாதிரியான பெரிய நிலையங்களில் வண்டி வருவதற்குச் சற்று முன்பு, பிளாட்பாரக் கூரையில் வரிசையாகத் தொங்கும் சின்ன மின்பலகைகள் எரியத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் வண்டி எண் ஒரு முறை, பெட்டியின் பெயர் ஒரு முறை என்று மாறி மாறி வரும். உங்கள் டிக்கெட்டில் S4 என்றால், S4 எரியும் பலகைக்குக் கீழே போய் நிற்க வேண்டியதுதான். இரண்டு சூட்கேஸ்களும் ஒரு சாக்கு நேந்திரங்காயும் வைத்துக்கொண்டு, வண்டி வந்த பிறகு கூட்டத்தில் முட்டி மோதி ஓட வேண்டியிருக்காது.

அந்தப் பலகைக்கு வண்டி கண்ணில் தெரியாது. நிலையத்தின் அறிவிப்பு அறையில் இருப்பவர் வண்டி எண்ணையும் பிளாட்பார எண்ணையும் கணினியில் கொடுக்கிறார். அந்த வண்டிக்குப் பதிந்து வைத்திருக்கும் பெட்டி வரிசை, அங்கிருந்து ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பெட்டி என்று போகிறது. வரிசையின் தொடக்கம் எப்போதும் இன்ஜின்தான். ஆகவே பலகை சரியாகச் சொல்ல மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும்: வரிசை சரியாக இருக்க வேண்டும், இன்ஜின் எந்தப் பக்கம் என்பது சரியாக இருக்க வேண்டும், வண்டி வழக்கமான இடத்தில் நிற்க வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் பலரைத் தடுமாற வைப்பது இரண்டாவதுதான்.

காரணம் நாகர்கோவில் சந்திப்பின் அமைப்பு. திருவனந்தபுரம் பாதையும் திருநெல்வேலிப் பாதையும் சந்திப்புக்குள் ஒரே முனை வழியாகத்தான் நுழைகின்றன. எதிர் முனையில் இருப்பது கன்னியாகுமரிப் பாதை. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் வண்டி ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறிவிடும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் திருவனந்தபுரம் பக்கமிருந்து குழித்துறை, இரணியல் வழியாக வந்து, சந்திப்பைத் தொட்டு, திருநெல்வேலிக்குப் போகும் வண்டி நுழைந்த முனையிலேயே திரும்பி வெளியே போக வேண்டும். அதனால் இன்ஜினை ஒரு முனையிலிருந்து கழற்றி, மறு முனையில் இன்ஜின் மாட்டுகிறார்கள். பெட்டிகள் நின்ற இடத்திலேயே நிற்க, கடைசியாக இருந்தது முதலாகிவிடுகிறது.

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். இருபது பெட்டிகள் கொண்ட ஒரு வண்டி குழித்துறைக்கு வருகிறது. S4 இன்ஜினிலிருந்து ஆறாவது பெட்டி. குழித்துறையிலும் இரணியலிலும் இன்ஜின் நாகர்கோவில் பக்கம் இருக்கும், எனவே அந்தப் பக்கத்திலிருந்து ஆறு எண்ணினால் போதும். வண்டி சந்திப்பில் வந்து நிற்கும்போது இன்ஜின் கன்னியாகுமரி பக்க முனையில் இருக்கிறது, S4 அங்கேயும் ஆறாவதுதான். அப்புறம் இன்ஜின் மாறுகிறது. இப்போது திருநெல்வேலிப் பாதையில் வள்ளியூரில் நிற்கப்போகும் உறவினருக்கு S4 எத்தனையாவது? மொத்தப் பெட்டிகளோடு ஒன்றைக் கூட்டி, பழைய எண்ணைக் கழியுங்கள்: 21 − 6 = 15. குழித்துறையில் முன்பக்கம் ஏறிய அதே பெட்டி, வள்ளியூரில் பின்பக்கம் வந்து நிற்கும். ‘முன்னாடி நில்லு’ என்று குழித்துறையிலிருந்து போனில் சொன்னால், பாவம், அவர் பிளாட்பாரத்தின் தப்பான கோடியில் நிற்பார்.

சந்திப்பிலேயே ஏறுகிறவர்களுக்கு இது இன்னும் குழப்பம். ‘இன்ஜினிலிருந்து ஆறாவது’ என்று ஒருவர் சொல்வார், ‘பதினைந்தாவது’ என்று இன்னொருவர் சொல்வார், இரண்டும் ஒரே இடம். அதனால்தான் அங்கே மூட்டை தூக்கும் ஒரு பெரியவர், கேட்கிறவர்களிடம் எண்ணைச் சொல்லாமல் கேள்வியைத் திருப்பிப் போடுவார்: “அண்ணாச்சி, வந்த இன்ஜினா, போற இன்ஜினா?” சரியான கேள்வி. செல்போனில் ரயில்வேயின் NTES செயலி போன்றவற்றில் பெட்டி வரிசையைப் பார்க்கும்போதும் இதையே கேளுங்கள். அந்தப் படம் திருப்பத்துக்கு முந்தைய வரிசையா, பிந்தையதா என்று பார்க்காமல் நிற்கும் இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் வண்டி திரும்புமா என்று கண்டுபிடிப்பது எளிது. நேர அட்டவணையில் நாகர்கோவில் சந்திப்பு (NCJ) இருக்கிறதா, நாகர்கோவில் டவுன் (NJT) மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்திப்புக்குள் போகாமல் டவுன் வழியாக திருநெல்வேலிப் பாதையைப் பிடிக்கும் வண்டிக்கு இன்ஜின் மாற வேண்டியதில்லை. குழித்துறையில் ஆறாவது என்றால் வள்ளியூரிலும் ஆறாவதுதான்.

பலகை பிசக இன்னொரு காரணம் பெட்டியின் நீளம். நீல நிறத்தில் ஓடிய பழைய வகைப் பெட்டி 22 மீட்டருக்குச் சற்று அதிகம். இப்போது பரவலாக ஓடும் எல்எச்பி பெட்டி ஏறக்குறைய 24 மீட்டர். வித்தியாசம் ஒரு பெட்டிக்கு 1.7 மீட்டர், கவனிக்கவே தோன்றாது. ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். பலகைகள் பழைய நீளத்துக்கு மாட்டப்பட்டிருந்தால், ஆறாவது பெட்டிக்கு முன்னால் ஐந்து பெட்டிகள், அதாவது எட்டரை மீட்டர் பிசகும், பரவாயில்லை. பதினைந்தாவதுக்கு முன்னால் பதினான்கு பெட்டிகள், அங்கே 24 மீட்டர் ஆகிவிடுகிறது. ஒரு முழுப் பெட்டி! உங்கள் பெட்டி பலகையைத் தாண்டி, இன்ஜினுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு பெட்டி தள்ளி நிற்கும். ஆகவே பழைய நீளத்துக்குப் பலகை மாட்டிய இடத்தில், எல்எச்பி வண்டியில் இன்ஜினிலிருந்து தொலைவான பெட்டி என்றால், பலகைக்கு நேராக நிற்காமல் ஒரு பலகை பின்னால் தள்ளி நிற்பது நல்லது.

தொடங்கும் இடத்தில் கடைசி நேரத்தில் ஒரு பெட்டியைக் கூடுதலாகச் சேர்த்து, அதைக் கணினியில் பதியாமல் விட்டாலும் இதே மாதிரி ஒரு பெட்டி பிசகும். இந்தப் பிசகில் படிப்படியான ஏற்றம் இருக்காது. சேர்த்த இடத்துக்கு அப்புறம் எல்லாப் பலகையும் ஒரே அளவு தள்ளியிருக்கும்.

பலகை தவறா என்பதை வண்டி வேகம் குறைத்து நுழையும்போதே தெரிந்துகொள்ளலாம். நீங்கள் ஆறாவது இடத்தில் நிற்கிறீர்கள் என்றால், இன்ஜினும் ஐந்து பெட்டிகளும் உங்களைக் கடந்து போக வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெட்டிப் பெயரை அடுத்தடுத்து இரண்டு பெட்டிகளில் படியுங்கள். S1, S2 என்று எண் ஏறிக்கொண்டு வந்தால் S4 பின்னால் வருகிறது, நின்ற இடத்திலேயே நில்லுங்கள். S6, S5 என்று இறங்கிக்கொண்டு வந்தாலும் S4 இன்னும் வரவில்லை, ஆனால் பலகையின் வரிசை தலைகீழாகப் போடப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். S4 உங்களைக் கடந்து போய்விட்டால் வண்டி நிற்கும் வரை காத்திருக்காமல், அது போகும் திசையிலேயே நடக்கத் தொடங்குங்கள்.

பலகையே இல்லாத சின்ன நிலையங்களில் இன்ஜின் வழக்கமாக நிற்கும் இடத்தை உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொண்டு, அங்கிருந்து அளக்கலாம். இன்ஜின் ஏறக்குறைய 20 மீட்டர், ஐந்து பெட்டிகளுக்கு 120, ஆக ஆறாவது பெட்டி 140 மீட்டரில் தொடங்கும். சாதாரண நடையில் இருநூறு அடி எடுத்து வைத்தால் வந்துவிடும். அப்படியும் தவறி, வண்டி கிளம்பும் நேரம் ஆகிவிட்டால், பக்கத்தில் இருக்கிற முன்பதிவுப் பெட்டியில் ஏறி உள்ளேயே நடந்து போய்விடலாம். பொதுப் பெட்டியில் மட்டும் அப்படி ஏற வேண்டாம், அங்கிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் வழி பெரும்பாலும் அடைத்திருக்கும்.