மாதம் 14,500 ரூபாய், மூன்று கடன்கள், 24 மாதங்கள்

வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு, இப்போது சேலத்தில் குடும்பங்களுக்குக் கடன் ஆலோசனை சொல்லிவருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள்தான். ஆனால் எவ்வளவு கட்டினாலும் கடன் ஏன் குறையவில்லை என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. அப்படி வந்த ஒரு குடும்பத்தின் கணக்கை, ஆள் அடையாளத்தை மட்டும் மாற்றி இங்கே எழுதுகிறேன்.

கணவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். மனைவி தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். நூற்றுக்கு இரண்டு வட்டியில் வாங்கிய கைக்கடன் 80,000 ரூபாய். 16 சதவீத வட்டியில் தனிநபர் கடன் பாக்கி 1,20,000 ரூபாய். இதற்கு மாதத் தவணை 5,500. வங்கியில் 9 சதவீத வட்டிக்கு அடகில் இருக்கும் ஆரத்தின் மீது 1,00,000 ரூபாய். இரண்டு வட்டி என்று சொல்லும்போது சிறியதாகத் தோன்றுவது, ஆண்டுக் கணக்கில் 24 சதவீதம். அவர்கள் மாதம் தவறாமல் கட்டிவந்த 1,600 ரூபாய் வட்டியிலேயே போய்விடும் என்பதால், இப்படியே இரண்டு ஆண்டுகள் கட்டினாலும் 38,400 ரூபாய் செலவாகி, அசல் 80,000 அப்படியே நிற்கும்.

முதலில் மாதத் தொகையை முடிவு செய்தோம். பட்டறைக் கூலி மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் என்பதால் சராசரியை நான் எடுக்கவில்லை. கடந்த ஆறு மாதங்களில் மிகக் குறைவாக வந்த மாதத்தின் வருமானம் 39,000 ரூபாய். வாடகை, பள்ளிக் கட்டணம் உட்பட வீட்டுச் செலவு 23,500. மிச்சமாகும் 15,500 ரூபாயில் ஆயிரத்தை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டு, 14,500 என்று நிர்ணயித்தோம். சராசரியை வைத்துத் தொகை போடுகிறவர்களின் திட்டம் முதல் மந்தமான மாதத்திலேயே உடைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்தக் கடன் முடிந்தாலும் இந்தத் தொகை குறையாது, முடிந்த கடனுக்குப் போன பணம் அடுத்த கடனுக்குப் போகும் என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே ஒப்பந்தம்.

முதலில் அடைக்க வேண்டியது கைக்கடன் என்பதில் ஐயமில்லை. தவணை 5,500 ரூபாயும் நகைக்கடனின் மாத வட்டி 750 ரூபாயும் போக 8,250 மிஞ்சியது. அதில் கைக்கடனின் வட்டி 1,600 போக 6,650. ஆனால், "சில்லறையாக அசல் வாங்க மாட்டேன், இருபதாயிரமாகக் கொண்டு வா" என்று கடன் கொடுத்தவர் சொல்லிவிட்டார். எனவே மனைவியின் பெயரில் ஏடிஎம் அட்டை இல்லாத தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,000 கட்டுவது என்று ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு முறையும் வட்டி 400 ரூபாய் குறைய, அந்த 400 ரூபாயும் சேமிப்பிலேயே விழுந்தது.

பணம் கொடுக்கும்போது புரோநோட்டைக் கையில் வாங்கி, அதன் பின்புறத்தில் தேதி, தொகை ஆகியவற்றுடன் அசலில் வரவு என்று எழுதிக் கடன் கொடுத்தவரின் கையெழுத்தைப் பெற வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அந்த அம்மாள் கூச்சப்பட்டார், "இத்தனை நாள் பழகியவரிடம் எப்படிக் கேட்பது சார்?" என்றார். ஆனாலும் கேட்டார். மூன்றாம் முறை கொடுத்தபோது, கடன் கொடுத்தவரின் மகன் அதை வட்டி வரவு என்று எழுதப் போயிருக்கிறார். மேலே இருந்த இரண்டு வரிகளைக் காட்டியதும் திருத்திக்கொண்டார்.

ஆடியில் பட்டறையில் வேலை குறைந்து 3,000 ரூபாய் துண்டு விழுந்தது. அப்போது தவணையையும் வட்டிகளையும் தொடவிடாமல், சேமிப்பில் விழ வேண்டிய பங்கை மட்டும் அந்த மாதம் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். இருபதாயிரத்துக்கு மேல் கொஞ்சம் சேர்ந்திருந்ததால் அந்தக் காலாண்டின் கட்டுதலும் தவறவில்லை. தீபாவளி போனஸில் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டார்கள். பன்னிரண்டாம் மாதம் கைக்கடன் முடிந்து, புரோநோட்டும் உடன் கொடுத்திருந்த வெற்றுக் காசோலையும் திரும்பி வந்தன. சேமிப்பில் 7,000 ரூபாய் மீதமிருந்தது.

அடுத்து வந்த கேள்வியில்தான் பலர் தவறுகிறார்கள். வட்டி அதிகமுள்ளதை முன்னால் அடைக்க வேண்டும் என்ற விதிப்படி, 16 சதவீதத் தனிநபர் கடனுக்குப் போக வேண்டும். கணவரும் அதைத்தான் சொன்னார். நான் ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொன்னேன். அந்தக் கடனில் பகுதித் தொகை கட்ட வழியில்லை. முழுதாகத்தான் முடிக்க முடியும், முடித்தால் மீதி அசலில் 3 சதவீதமும் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டணம். பணத்தைச் சேர்த்துப் பதினேழாம் மாதம் முடித்தால், அப்போது இருக்கும் பாக்கி சுமார் 46,000; கட்டணம் ஏறத்தாழ 1,630. அதே பணத்தை 9 சதவீத நகைக்கடனில் போடாமல் இதில் போடுவதால் கிடைக்கும் ஆதாயம் 7 சதவீத வித்தியாசம் மட்டுமே. மாதந்தோறும் தானே குறைந்துவரும் பாக்கியின் மீது எட்டு மாதங்களுக்குக் கணக்கிட்டால் அது 1,400 ரூபாயைக்கூடத் தொடவில்லை. ஆகவே தனிநபர் கடனை அதன் தவணையில் ஓடவிட்டு, மிச்சப் பணம் முழுவதையும் நகைக்கடனுக்குத் திருப்பினோம். அந்தக் கட்டணம் இல்லாமல், பகுதித் தொகையும் கட்ட முடிந்திருந்தால் நான் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

நகைக்கடனில் ஒரு வசதி உண்டு: எவ்வளவு கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள், முதலில் அன்றுவரையிலான வட்டி கழிந்து மீதி அசலில் விழும். அதற்கு முன் கடனைப் புதுப்பிக்க வேண்டிய தேதி வந்தது. தங்கத்தின் விலை ஏறியிருந்ததால், அதே ஆரத்துக்கு இன்னும் 40,000 ரூபாய் தரலாம் என்று கிளையில் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தின் மிக ஆபத்தான நாள் அதுதான். வட்டி மாதாமாதம் கட்டப்பட்டிருந்ததால் புதுப்பிக்கக் கையில் பெரிய தொகை தேவைப்படவில்லை; கூடுதல் பணம் வேண்டாம் என்று சொல்லிப் பழைய தொகைக்கே புதுப்பித்தார்கள். வட்டியை ஆண்டு முழுவதும் விட்டுவைத்தவர்கள் அந்த நாளில் வட்டி கட்டுவதற்காகவே கூடுதல் கடனை வாங்கி, தெரியாமலே அசலை ஏற்றிக்கொள்கிறார்கள்.

சேமிப்பில் இருந்த 7,000 ரூபாயையும் போட்டு, பதின்மூன்றாம் மாதம் முதல் தவணை போக மீதி 9,000 ரூபாயையும் நகைக்கடனில் கட்டினார்கள். இருபத்து மூன்றாம் மாதம் கடன் தீர்ந்து ஆரம் திரும்பியது. வாங்கும் முன் அடகுச் சீட்டில் எழுதியிருந்த எடையோடு எடை போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். பார்த்தார்கள், சரியாக இருந்தது. அந்த மாதம் மிஞ்சிய 1,800 ரூபாயையும் அடுத்த மாதத்தின் 14,500 ரூபாயையும் சேர்த்துத் தனிநபர் கடனை முடிக்கப் போனபோது, கட்டணத்தோடு கேட்ட தொகைக்கு 300 ரூபாய் அளவில் குறைந்தது. வீட்டுச் செலவிலிருந்து போட்டார்கள். மொத்தத்தில் வட்டியாகவும் கட்டணமாகவும் போனது ஏறத்தாழ 48,000 ரூபாய்.

கடன் பாக்கியில்லை என்ற சான்றிதழை வாங்கியதோடு நிற்காமல், தவணையைத் தானாகப் பிடிக்கச் சம்பளக் கணக்கில் கொடுத்திருந்த அனுமதியையும் ரத்துசெய்து எழுத்தில் பெறச் சொன்னேன். கடன் முடிந்த பிறகும் ஐந்தாம் தேதி ஒரு தவணை பிடிக்கப்பட்டு, அதைத் திரும்பப் பெற வாரக்கணக்கில் அலைந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். இவர்களுக்கு அடுத்த ஐந்தாம் தேதி எதுவும் பிடிக்கப்படவில்லை.