செலவுக் கணக்குச் செயலிக்குப் பெயர் வைப்பது: ஒரே சொல், இருபத்து நான்கு எழுத்துக்கூட்டல்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "அன்றாடச் செலவுகளைக் குறித்து வைக்க ஒரு மொபைல் செயலி செய்திருக்கிறோம். தமிழில் பெயர் வைக்க ஆசை. 'காசு' என்று வைக்கலாம் என்றால், யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?"

நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்காகத் தமிழ்ப் பெயரையே கைவிட வேண்டியதில்லை. சில தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் சிதறிப் போகின்றன, சில சிதறுவதில்லை. எது எந்த வகை என்பதைப் பெயர் வைக்கும் முன்பே தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

செயலிக் கடையின் தேடல் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அந்தச் சொல் வரும் செயலிகளின் பட்டியல் ஒன்று முன்கூட்டியே தயாராக இருக்கும். நாம் தட்டிய சொல் அந்தப் பட்டியலில் அப்படியே இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் எழுத்துப்பிழை திருத்தும் பகுதி உள்ளே வருகிறது. கூகுளும் ஆப்பிளும் தங்கள் வரிசைப்படுத்தும் முறையை முழுதாக வெளியிடுவதில்லை. ஆனால் பிழைதிருத்தத்தின் அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவார்கள். ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்த அளவு இது. தட்டிய சொல்லுக்குக் குறைந்த தூரத்தில் இருக்கும் சொற்களில், மக்கள் அதிகம் தேடுவது எதுவோ அதுவே முன்னால் நிற்கும்.

புதிய செயலிக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நேற்று பிறந்த பெயரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஆகவே பிழைதிருத்தியின் பார்வையில் அந்தப் பெயரே ஒரு எழுத்துப்பிழை. பக்கத்தில் பிரபலமான சொல் ஒன்று இருந்தால் நம் பெயர் அதற்குள் கரைந்துவிடும்.

மாணவியின் 'காசு'வையே எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்தை `k` என்றோ `c` என்றோ எழுதலாம். நெடிலுக்கு `a` அல்லது `aa`. அடுத்தது `s` அல்லது `ss`. கடைசி உகரம் `u`, `oo`, `ou` என மூன்று விதம். 2 × 2 × 2 × 3, ஆக மொத்தம் 24. `ss`, `ou` எல்லாம் யார் எழுதப்போகிறார்கள் என்று கடலூரில் கேட்கலாம், பெண்ணையாற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் கேட்க முடியாது. பிரெஞ்சு முறையில் உகரத்துக்கு `ou` என்றுதான் எழுத வேண்டும், வெறும் `u` போட்டால் ஒலி வேறு. இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை `s` வந்தால் அது `z` ஆகிவிடும், அதனால் `ss`. வில்லியனூர் Villenour ஆனதும், பாகூர் Bahour ஆனதும், முருகன் Mourougane ஆனதும், ராமசாமி Ramassamy ஆனதும் இந்த விதிகளால்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் கையில் 'காசு' இயல்பாகவே `kassou` ஆகிவிடும்.

`kasu` என்றே எல்லோரும் எழுதினாலும் ஆபத்து தீரவில்லை. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால் `kaju`. இந்தியில் முந்திரிப்பருப்பு. பண்ருட்டிக்காரர்கள் மகிழலாம், செலவுக் கணக்குச் செயலிக்கு அதனால் பயனில்லை.

'செலவு' தேறுமா? ச என்ற எழுத்து சொல்லின் முதலில் வரும்போது சிலர் வாயில் `s`, சிலர் வாயில் `ch`. `selavu`-வை `chelavu` ஆக்க இரண்டு மாற்றங்கள் தேவை. அதே `selavu`-வை Selva என்ற ஆள்பெயராக்கவும் இரண்டே மாற்றங்கள்தான். நம் செயலியின் இன்னொரு எழுத்துக்கூட்டல் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, செல்வா என்ற அந்நியரும் அதே தொலைவில் இருக்கிறார். இருவரில் யாரை அதிகம் பேர் தேடுகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

ஒலியை வைத்துத் தேடும் பழைய முறைகளும் இங்கே கைகொடுப்பதில்லை. அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற மெய்களை எண்களாக்கும். `selavu` S410 ஆகும், Selva-வும் S410. ஆனால் `chelavu` C410 ஆகிவிடுகிறது. சேர வேண்டியவை பிரிகின்றன, பிரிய வேண்டியவை சேர்கின்றன. ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காகச் செய்த முறையிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இதற்கெல்லாம் காரணம் தமிழ் எழுத்தின் அழகான சிக்கனம். க, ச, ட, த, ப ஆகிய வல்லின எழுத்துகள் ஒவ்வொன்றும் இடத்துக்கேற்ப ஒலி மாறும். 'கடல்' என்பதன் க வன்மையாக ஒலிக்கும், 'முகம்' என்பதன் க மென்மையாக. தமிழில் எழுதும்போது ஒரே எழுத்து போதும், படிப்பவர் இடம் பார்த்து ஒலிப்பார். ரோமன் எழுத்துக்கு மாற்றும்போது மட்டும் `k`-வா `g`-யா என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முடிவுகள் பெருகப் பெருக வடிவங்களும் பெருக்கல் கணக்கில் பெருகுகின்றன. எதிர்த்திசையிலும் ஓர் இழப்பு உண்டு. ல, ள இரண்டும் `l` ஆகிவிடும். கடைக்காரரின் 'கல்லா' மிகப் பொருத்தமான பெயராகத் தோன்றும், ஆனால் `Kalla` என்று எழுதியதும் பாதிப்பேர் அதைக் 'கள்ள' என்றே படிப்பார்கள். பணம் தொடர்பான செயலிக்கு அதைவிட மோசமான பெயர் கிடையாது.

ஆக, முடிவெடுக்க வேண்டிய இடங்கள் குறைவாக உள்ள சொல்லைத் தேட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் வழியைத் தமிழ் இலக்கணமே காட்டுகிறது. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும்போது, அந்த வல்லினத்தின் ஒலி ஒன்றாக நிலைத்துவிடுகிறது. 'ம்ப' பேச்சில் எப்போதும் `mb`, 'ண்ட' எப்போதும் `nd`. வாயில் தடுமாற்றம் இல்லாததால் கையிலும் அவ்வளவாகத் தடுமாற்றம் இல்லை. 'ந்த' மட்டும் விதிவிலக்கு. ஒலி ஒன்றுதான், ஆனால் அதை `nth`, `nd`, `ndh` என்று எழுதுகிறார்கள். அதைத் தவிருங்கள். ழ, ற்ற, சொல் முதலில் வரும் ச, நெடில் உயிர் ஆகியவற்றையும் முடிந்தவரை தவிருங்கள். ம எந்த இடத்திலும் பத்திரமானது.

இந்தச் சல்லடையில் 'உண்டியல்' தேறுகிறது, `undiyal`, `undial` என இரண்டே வடிவங்கள்தான். ஆனால் உண்டியல் சேமிப்பைச் சொல்கிறதே தவிர செலவை அல்ல. அதோடு இலங்கைத் தமிழில் அது வங்கிக்கு வெளியே நடக்கும் பணப்பரிமாற்றத்தின் பெயர். தேடினால் அந்தச் செய்திகள் எல்லாம் வந்து விழும்.

என் பரிந்துரை 'வரம்பு'. செலவுக்கு எல்லை கட்டும் செயலிக்குப் பொருளும் பொருந்துகிறது. எழுதும் விதங்களைப் பாருங்கள்: பெரும்பாலோர் `varambu` என்பார்கள். இலங்கை வழக்கில் பழகியவர்கள் `varampu` என்று எழுதக்கூடும். வ-வுக்கு `w` போடுபவர்கள் `warambu` என்பார்கள். புதுச்சேரியில் `varambou` வரலாம். பின் மூன்றில் எதை எடுத்தாலும் முதல் வடிவத்திலிருந்து ஒரே ஒரு எழுத்துதான் தூரம், எனவே பிழைதிருத்தி எட்டிப் பிடிக்கக்கூடிய எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. குறை இல்லாமல் இல்லை. `narambu`, அதாவது நரம்பு, அதே ஓர் எழுத்துத் தூரத்தில் இருக்கிறது. கடைசி உகரம் குற்றியலுகரம் என்பதால், ஆங்கிலத்துக்கு அமைத்த குரல்தேடல் அதை விழுங்கி `varamb` என்று எழுதவும் கூடும்.

தாளில் போட்ட கணக்கை மனிதர்களிடம் சோதித்தாக வேண்டும். இருபது பேரிடம் பெயரை வாயால் மட்டும் ஒருமுறை சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். தமிழ்வழி, ஆங்கிலவழி, பிரெஞ்சு படித்தவர்கள் மூவகையும் கலந்திருக்கட்டும். பதினைந்து பேராவது ஒரே வடிவத்தை எழுதினால் பெயர் நிற்கும். ஆறேழு வடிவங்கள் வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். பிறகு தலைகீழாக, எழுதிய பெயரை வேறு சிலரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். கல்லா போன்றவை இந்தச் சோதனையில்தான் மாட்டும். கடைசியாக, போனில் குரல்தேடலை இந்திய ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

எண் சோதிடம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டுத்தொகை மூன்று வர வேண்டும் என்று `Varrambuu` ஆக்கினால், எல்லோரும் எழுதும் வடிவத்திலிருந்து நீங்களே இரண்டு எழுத்து விலகிப் போகிறீர்கள். பெயருக்கு அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்தால், அது கேட்டவர் அப்படியே எழுத முடிவதுதான். இந்த மூடநம்பிக்கைக்குப் போகும் பணத்தில் கொஞ்சம் மொழி ஆராய்ச்சிக்குப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும். தமிழ்நாட்டு அரசு 2020-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணையிட்டது. Koyampuththoor போன்ற வடிவங்களைக் கண்டு மக்கள் திகைத்தார்கள், சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. மக்கள் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் என்று மாவட்டவாரியாகத் திரட்டிய திறந்த தரவு இருந்தால், அரசுக்கும் உதவும், செயலி செய்பவர்களுக்கும் உதவும். அதற்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி கடையில் ஏற்றும் வேலை. கூகுள் பிளே, ஆப்பிள் இரண்டிலும் தலைப்புக்கு 30 எழுத்துக்குறிகள்தான் இடம். புதிய பெயரை யாரும் தேடாத முதல் மாதங்களில் ஆட்களைக் கொண்டுவரப்போவது பொதுச் சொற்கள், அதனால் பெயரை முன்னால் வைத்து அவற்றைப் பின்னால் சேர்க்க வேண்டும். `Varambu: Daily Expense Tracker` சரியாக 30.

பிளேயில் தமிழுக்குத் தனியாகத் தலைப்பு தரலாம். அங்கே எண்ணும் முறையில் கவனம் வேண்டும். 'செ' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ச-வும் கொம்புமாக இரண்டு. 'பு'வும் இரண்டு, புள்ளி வைத்த 'ம்'மும் இரண்டு. `வரம்பு: தினசரி செலவுக் கணக்கு` என்பதில் நமக்குத் தெரிவது 16 எழுத்துகள். இடைவெளியும் முக்காற்புள்ளியும் சேர்த்துக் கணினி எண்ணும்போது 29 ஆகிவிடும்.

`varampu`, `warambu` போன்ற மாற்று வடிவங்களை ஆப்பிளில் தனியே உள்ள குறிச்சொல் பெட்டியில், இடைவெளி விடாமல் காற்புள்ளி மட்டும் போட்டு எழுதலாம். அந்தப் பெட்டி பயனருக்குத் தெரியாது. பிளேயில் அப்படி ஒரு பெட்டி இல்லை. விரிவான விளக்கத்தில் இயல்பான ஒரு வாக்கியத்துக்குள் ஒருமுறை கொண்டுவரலாம், அடுக்கிக்கொண்டே போனால் விதிமீறல்.

முகப்புப் படத்தின் கீழே வரும் பெயர் இவற்றிலிருந்து வேறு. அங்கே பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் போனால் வெட்டுப்படும் என்பதால் வெறும் பெயரை மட்டும் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் போனின் மொழிக்கேற்ப மாறும்படி இரண்டு கோப்புகளில், `resources` உறுப்புக்குள், எழுத வேண்டும்:

```xml
<!-- res/values/strings.xml -->
<string name="app_name">Varambu</string>

<!-- res/values-ta/strings.xml -->
<string name="app_name">வரம்பு</string>
```

இதற்கெல்லாம் முன்பாக, இரண்டு கடைகளிலும் நான்கு வடிவங்களையும் தட்டிப் பாருங்கள். இந்திய வர்த்தகமுத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் இலவசம். அதில் சொல்லை வைத்துத் தேடுவதோடு ஒலி ஒற்றுமையை வைத்துத் தேடும் வசதியும் இருக்கிறது, இரண்டையும் பயன்படுத்துங்கள். மென்பொருளுக்கு வகுப்பு 9, நிதிச் சேவைகளுக்கு வகுப்பு 36. இரண்டில் எதிலாவது இதே ஒலியில் வேறு யாராவது பதிந்திருந்தால், எழுத்தை மாற்றித் தப்பிக்கப் பார்க்காமல் பட்டியலில் உள்ள அடுத்த சொல்லுக்குப் போய்விடுங்கள்.