அத்தையைப் படத்தில் சேர்க்கும் முன் அவருக்கு எழுத வேண்டிய கடிதம்

திருக்கடையூர்ப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும்தான் சோறு போடுகின்றன. எடுத்த படத்தில் பிறகு ஒருவரைச் சேர்த்துத் தரச் சொல்லி வருபவர்கள் பெரும்பாலும் இறந்துபோனவர்களைத்தான் சேர்க்கச் சொல்வார்கள். தகப்பனார் இல்லாமல் நடந்த கல்யாணத்தில் அவரை மணமக்களுக்குப் பின்னால் நிற்கவைப்பது எங்களுக்கு அன்றாட வேலை. அதனால், உயிரோடு இருக்கும் ஒரு பெரியவரைச் சேர்க்கச் சொன்னால் நான் முதலில் கேட்பது, “அவருக்குத் தெரியுமா?” என்பதுதான். படத்தைப் பார்த்துவிட்டு, “என்னையும் போய்ச் சேர்ந்தவர்கள் கணக்கில் எழுதிவிட்டார்களா?” என்று அவர் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

அண்மையில் ஒருவர் தம் தந்தையின் சதாபிஷேகப் படத்தோடு வந்தார். தந்தையின் அக்காவுக்கு 83 வயது. இடுப்பெலும்பு முறிந்து திருநெல்வேலியில் படுத்திருந்ததால் விசேஷத்துக்கு வர முடியவில்லை. அவரைத் தம்பிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்றார். “போனில் கேட்டுவிட்டேன், அத்தை சரி என்று சொல்லிவிட்டார்கள்.” என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தேன். “உங்கள் படத்தையும் சேர்க்கட்டுமா அத்தை” என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த வயதுக்காரர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில், வர முடியாதவரின் முகத்தைக் குழுப் படத்தின் மேல் மூலையில் ஒரு நீள்வட்டத்துக்குள் வைப்பார்கள். அவர் அங்கே இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். மருமகன் கேட்பதோ, அத்தை அன்று மண்டபத்தில் நின்றதாகவே காட்டும் படம். ஒன்றுக்குச் சொன்ன சரியை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. கடிதம் எழுதுங்கள் என்றேன். போனில் காது சரியாகக் கேட்காது, பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள், “சரிப்பா” என்று சொல்லி முடித்துவிடத்தான் தோன்றும். கடிதமென்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படிக்கலாம், மகளிடம் காட்டலாம், நாலு நாள் கழித்து வேண்டாம் என்று எழுதவும் செய்யலாம்.

இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதி, பெரிய எழுத்தில் ஒரே பக்கமாக அச்சிட்ட கடிதம் இது:

“அன்புள்ள அத்தைக்கு, வணக்கம். இடுப்பு வலி குறைந்திருக்கிறதா? அப்பாவின் சதாபிஷேகத்தன்று எடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே நீங்கள் நிற்பதுபோல் கம்ப்யூட்டரில் சேர்க்க எனக்கு ஆசை. செய்தால், நீங்கள் அன்று வந்திருந்ததாகவே பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எங்கள் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று நீலப் பட்டில் எடுத்த உங்கள் முழுப் படத்தைப் பயன்படுத்துவோம். உங்கள் முகத்தை வேறு யாருடைய உடலிலும் வைக்க மாட்டோம். படம் அப்பா வீட்டுக் கூடத்தில் மாட்டப்படும், உங்களுக்கும் ஒன்று வரும். வாட்ஸ்அப்பில் போடலாமா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், வருத்தப்பட மாட்டேன். அப்பாவிடம் இதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. செய்து முடித்த பிறகு பிடிக்காவிட்டாலும் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.”

இதில் பலர் எழுதாமல் விடுவது, அப்பாவிடம் சொல்லவில்லை என்ற வரி. தம்பி ஆசையோடு காத்திருக்கிறார் என்று தெரிந்தால் எந்த அக்கா மறுப்பார்? அப்படி வரும் சம்மதத்தை நான் சம்மதமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தது அந்தப் பென்சில் வட்டம். மாதிரி செய்து அனுப்பினால் புரியுமே என்பார்கள். மாதிரி செய்வதென்றால் கேட்பதற்கு முன்பே அவரை அங்கே நிறுத்தியாகிவிட்டது என்று பொருள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் வட்டத்திலேயே தெரிந்துவிடும். பங்காளிச் சண்டை உள்ள வீடுகளில் அது சின்ன விஷயமில்லை. வாட்ஸ்அப்பைத் தனிக் கேள்வியாக வைப்பதற்கும் காரணம் உண்டு. சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றலாம், நாற்பது பேர் போனுக்குப் போனதைத் திரும்ப வாங்க முடியாது.

இதற்கெல்லாம் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்று கேட்பார்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் தரவுக்கு விலக்குத் தருகிறது. மருமகன் கடிதம் எழுதுவது அத்தைக்காகத்தான்.

பதில் அத்தையின் கையெழுத்திலேயே வந்தது. நீலப் பட்டு வேண்டாம் என்று எழுதியிருந்தார். அந்தப் படம் எடுத்தபோது மாமா இருந்தார்; நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியுமாக இருக்கும். அதற்குப் பிறகு மாமா இறந்துவிட்டார். அன்று வந்திருந்தால் எப்படி இருந்திருப்பேனோ அப்படியே இருக்கட்டும், நிற்கவும் முடியாது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். வாட்ஸ்அப் வேண்டாம். மருமகனுக்கு இது தோன்றவே இல்லை. அத்தை அழகாக இருக்கும் படம் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

எனக்கும் அதில் ஒரு சங்கடம் இருந்தது. மண்டபப் படத்தில் விளக்கு நமக்கு வலப்பக்கமிருந்து விழுகிறது, நீலப் பட்டுப் படத்தில் ஜன்னல் இடப்பக்கம். பலர் இதற்குப் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். நிழல் சரியாகிவிடும், ஆனால் இடது தோளில் இருக்க வேண்டிய முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்திகளும் பக்கம் மாறிவிடும். சேர்த்த படமா என்று சந்தேகம் வந்தால் முந்தானையைப் பாருங்கள், பிறகு மூக்கின் நிழலைப் பக்கத்தில் இருப்பவரின் நிழலோடு ஒப்பிடுங்கள்.

ஆகவே பேரனை விட்டுப் புதிதாக எடுக்கச் சொன்னேன். ஜன்னல், எடுப்பவருக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். நான்கு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்க வேண்டும். கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும், குழுவில் ஒட்டாது. மண்டபத்தில் என் கேமரா ஏறக்குறைய நான்கடி உயரத்தில் இருந்தது, போனும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். அழகூட்டும் வசதிகள் எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். 12×18 அங்குலப் பிரதியில் அத்தையின் முகம் ஓர் அங்குல உயரம் வரும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிடுகிறோம், எனவே மூலப் படத்தில் முகம் மட்டும் 300 புள்ளி உயரமாவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் தெளிவாக இருக்க, அவர் மட்டும் மங்கலாகத் தெரிவார்.

ஒரு நொடியில் ஆளைச் சேர்த்துத் தரும் செயலிகள் இப்போது கைக்குக் கை இருக்கின்றன. அவற்றில் பல, படத்தை வெளியே எங்கோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, முகத்தைப் புதிதாக வரைந்து தருகின்றன. சுருக்கம் குறையும், இரண்டு மூக்குத்தி ஒன்றாகும், அத்தையின் சாயலில் வேறு யாரோ இருப்பார். அப்படித்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

ஞாபகம் தப்பும் நிலையில் இருப்பவர்களிடம், படத்தில் என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்வேன். மறுநாளும் ஒருமுறை கேட்பேன். சொல்ல முடியவில்லை என்றால், மகளின் சம்மதத்தை வைத்து நான் மண்டபத்தில் ஆளை உட்காரவைக்க மாட்டேன். அந்த மேல் மூலை நீள்வட்டம்தான் செய்து தருவேன்.

இந்த வீட்டுக்கு இரண்டு பிரதி அச்சிட்டேன், மென்பிரதி தரவில்லை. இரண்டின் பின்புறமும் விசேஷத் தேதியையும், அத்தையின் உருவம் அவர் சம்மதத்தோடு பின்னர் சேர்க்கப்பட்டது என்பதையும் எழுதினேன். அசல் படம் தனிக் கோப்பாக இருக்கிறது, பேரன் எடுத்ததை அழித்துவிட்டேன்.