காதை அறுத்து வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. பெங்களூரு ஓசூர் ரோட்டுப் பக்கம், லேஅவுட்டுகளுக்கு நடுவே இன்னும் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருக்கும் நம்மவர் ஒருவர். அவர் அப்பா காலத்தில் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். காலை பதினொரு மணிக்கு போன். "சார், ராத்திரி ரெண்டு மணிக்கு மாடு போயிடுச்சு. இன்சூரன்ஸ் இருக்கு. ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க சார், காது பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்."

அந்தக் கடைசி வரியைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

போய்ப் பார்த்தால், பிளாஸ்டிக் கவரில் கல் உப்புப் போட்டு, இடது காது. அதில் எண் போட்ட மஞ்சள் அடையாள வில்லை. மருமகன் விடியற்காலையில் கதிர் அரிவாளால் அறுத்திருக்கிறார். செத்த மாட்டை ஏற்றிப்போகும் டெம்போ ஐந்தரைக்கு வரவேண்டியது. அன்றைக்கு வண்டி பழுதாகி வரவில்லை. அதனால்தான் உடல் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. வண்டி நேரத்துக்கு வந்திருந்தால் என்னிடம் காட்ட அவரிடம் ஒரு காது மட்டுமே இருந்திருக்கும்.

காதும் வில்லையும் கையில் இருந்தால் மாடு செத்ததற்கு ஆதாரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை, பெங்களூரு முழுக்க இதே பேச்சு. இன்சூரன்ஸ்காரர்கள் "வில்லை இல்லையேல் பணம் இல்லை" என்று சொல்வது உண்மை. அதைக் கேட்டவர்கள் "வில்லை இருந்தால் பணம் உண்டு" என்று திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. கவரில் கிடக்கும் காது எந்த மாட்டினுடையது, அந்த மாடு செத்ததா, சந்தையில் விற்கப்பட்டதா என்பதைக் காது சொல்லாது. உயிரோடு இருக்கும் மாட்டின் காதையும் அறுக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் செய்தவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் விதி இப்படி இறுகிக் கிடக்கிறது.

வில்லை காதில் இருக்க, காது தலையில் இருக்க, தலை உடலோடு கிடக்க, அந்த நிலையில் படம் எடுக்கவேண்டும். முகம், வில்லை எண், முழு உடல் மூன்றும் தெரியவேண்டும். டாக்டர் வந்து உடலை அறுத்துப் பார்த்து முடித்த பிறகு, அவர்தான் காதை வில்லையோடு அறுத்து உங்களிடம் கொடுப்பார். அதை இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒப்படைக்கவேண்டும். வரிசை இதுதான். முதலில் வரவேண்டியது அரிவாள் அல்ல, போன். இறந்த செய்தியை இன்சூரன்ஸ்காரருக்கும் உடனே சொல்லியாகவேண்டும். பாலிசித் தாளில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் 24 மணி நேரம்தான்.

சரி, இந்தக் கேஸுக்கு வருகிறேன். காதிலிருந்த வில்லை எண்ணின் கடைசி நாலு இலக்கம் 4471. பாலிசித் தாளில் கடைசி நாலு இலக்கம் 9038. கேட்டால், "அது பழைய கம்மல் சார், கம்பியில மாட்டி அறுந்துடுச்சு. கோமாரி ஊசி போட வந்தவங்க புதுசு போட்டாங்க" என்கிறார். எப்போது? எட்டு மாதம் முன்பு. பாலிசிக்காரருக்குச் சொன்னீர்களா? "அதெல்லாம் அவங்களே கம்ப்யூட்டர்ல மாத்திடுவாங்கன்னு நெனச்சேன்."

மாற்றமாட்டார்கள். கால்நடைத் துறை போடும் 12 இலக்க மஞ்சள் வில்லை அரசின் பதிவில் ஏறும். பழைய எண்ணுக்குப் பதில் புது எண் என்று அங்கே இணைத்தும் வைப்பார்கள். ஆனால் உங்கள் பாலிசி என்பது உங்களுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவே உள்ள காகிதம். அதில் எண்ணை மாற்ற நீங்கள்தான் எழுதிக் கொடுத்து, திருத்தச் சீட்டு வாங்கிப் பாலிசியோடு சேர்த்து வைக்கவேண்டும். வில்லை விழுந்த அன்றே சொல்லவேண்டும். விழுந்த வில்லையைக் கழனித்தொட்டி மேல் டப்பாவில் போட்டு வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். டப்பாவில் இருக்கும் வில்லையால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்று, சில மாடுகளுக்கு ஒரு காதில் அரசு வில்லை, மறு காதில் இன்சூரன்ஸ் வில்லை இருக்கும். கன்னடத்தில் இரண்டையும் கிவியோலெ என்றே சொல்லிவிடுவார்கள். எந்த எண் பாலிசியில் ஏறியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒரு டார்ச்சும் ஐந்து நிமிடமும் போதும்.

இனி நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், இது எல்லா இடத்திலும் வாய்க்காது என்பதால்.

முதலில் அறுத்த காதைத் தலையில் எஞ்சியிருந்த அடிக்காதோடு பொருத்தினேன். அரிவாள் சாய்வாக இறங்கியிருந்தது. நடுவில் ஒரு சின்னப் படிபோல் வெட்டு மாறியிருந்தது, மருமகன் இரண்டு முறை இழுத்திருக்கிறார். அந்தப் படி இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சரியாக உட்கார்ந்தது. கறுப்பு ரோமம் வெள்ளையாக மாறும் கோடும் தொடர்ந்தது. படம் எடுத்துக்கொண்டேன். நெற்றியில் அரைநிலா மாதிரி வெள்ளை, வால் குஞ்சம் வெள்ளை, எட்டுப் பல்லும் முளைத்த வாய். பாலிசியில் எழுதியிருந்த அடையாளங்களும் அவையே. ஊசி போட்ட பதிவேட்டில் பழைய எண், புது எண் இரண்டும் ஒரே வரியில் இருந்ததால் அதன் நகலையும் வாங்கச் சொன்னேன்.

பிறகு உடலைத் திறந்தேன். இங்கேதான் "சர்ட்டிபிகேட் மட்டும்" கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. இறப்புச் சான்று வேறு, பிரேதப் பரிசோதனைக் குறிப்பு வேறு. சான்றில் இந்த அடையாளம் உள்ள, இந்த எண் உள்ள மாடு இறந்து கிடந்ததைப் பார்த்தேன் என்று எழுதுவேன். எதனால் இறந்தது என்பதை, உடலைத் திறந்து பார்த்ததை வைத்துத்தான் குறிப்பில் எழுதமுடியும். "ஹார்ட் அட்டாக்னு போட்டுடுங்க சார்" என்பார்கள். இதயம் நிற்காமல் எந்த மாடும் சாவதில்லை. அதைக் காரணம் என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்கே சிரிப்பு வரும். (நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிரேதப் பரிசோதனைக் குறிப்பு எழுதும் சகபாடிகள் சிலர் உண்டு. அவர்களால்தான் ஒழுங்காக எழுதினவன் குறிப்பையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.)

வீட்டுக்காரர் "வயிறு ஊதிச் செத்துடுச்சு" என்றார். பத்து மணி நேரம் வெயிலில் கிடந்தால் எந்த மாட்டுக்கும் வயிறு ஊதும். உயிரோடு இருக்கும்போதே ஊதி மூச்சு முட்டிச் செத்திருந்தால் உணவுக்குழாயில் கழுத்துப் பக்கம் ரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாகவும், நெஞ்சுக்குள் இருக்கும் பகுதி வெளிறியும், நடுவில் கோடு கிழித்தாற்போல் இருக்கும். இந்த மாட்டில் அந்தக் கோடு இல்லை. கண்கள் குழியில் இறங்கியிருந்தன. முதல் வயிற்றைத் திறந்ததும் புளித்த வாடை. உள்ளே சோறு, சோறு, சாம்பார்ப் பருப்பு, ஒரு வாழையிலைத் துண்டு. உள்தோல் கையோடு உரிந்து வந்தது. ஆனால் செத்துச் சில மணி நேரமானால் எந்த மாட்டுக்கும் அது உரியும், அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

"சத்திரத்துச் சோறு எப்போ போட்டீங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "முந்தாநேத்து முகூர்த்தம் சார். வீணாப் போகுதேன்னு ரெண்டு அண்டா கொண்டாந்தேன். எல்லாத்துக்கும் பிரிச்சுத்தான் போட்டேன். ராத்திரி இது கட்டவுத்துக்கிட்டுப் போய் மிச்சத்தையும் தின்னுடுச்சு." மறுநாள் தீனி எடுக்கவில்லை. சாம்பல் நிறத்தில் கழிச்சல், தள்ளாட்டம். சோடா உப்பும் வெற்றிலை மிளகும் அரைத்துக் கொடுத்திருக்கிறார். டாக்டரைக் கூப்பிடவில்லை. அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன். ஆனால் சிகிச்சைச் சீட்டு ஒன்றாவது இருந்திருக்கும். கவனக்குறைவால் செத்த மாட்டுக்குப் பணம் இல்லை என்று பாலிசியில் ஒரு வரி உண்டு. அந்த வரியைக் காட்டி யாராவது கேட்டால் அந்தச் சீட்டுதான் பதில் சொல்லும்.

குறிப்பில் அளவுக்கு மீறிச் சமைத்த அரிசி தின்றதால் முதல் வயிற்றில் அமிலம் கூடி இறந்தது என்று எழுதினேன். "கட்டவுத்துத் தின்னுச்சுன்னு போடுங்க சார்" என்றார். நான் பார்க்காததை நான் எழுதமுடியாது. "உரிமையாளர் சொன்னபடி" என்று தொடங்கி அவர் சொன்னதாகவே எழுதினேன். எண்ணை எழுதும்போது ஒவ்வொரு இலக்கமாக அவரையும் வாசிக்கவைத்தேன். இதற்கு ஆங்கிலம் தெரியவேண்டியதில்லை. நாங்களும் மனிதர்கள்தான், 71-ஐ 17 என்று எழுதிவிடுவோம். குறிப்பைக் கையில் வாங்கும்போதே சரிபாருங்கள், ஒரு மாதம் கழித்துத் திருத்த வராதீர்கள்.

உடலைத் திறக்கவே கூடாத ஒரு நிலைமையும் உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால், அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். அப்போது நான் கத்தியை எடுக்கமாட்டேன். காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் துண்டில் எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, ஏன் அறுக்கவில்லை என்று எழுதித் தருவேன். "அறுக்காம எப்படி சார் பணம் வரும்?" என்று சண்டை போடாதீர்கள். திறந்தால் அந்தக் கிருமி மண்ணில் பல்லாண்டு கிடக்கும், மனிதருக்கும் வரும். தயவுசெய்து அந்த மாட்டைத் தோலுக்காக யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் காதில் கை வைக்காதீர்கள். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கவேண்டியதுதான்.

இவருடைய கேஸ் இன்னும் நடக்கிறது. வில்லை மாறியதற்கு விளக்கம் கேட்டார்கள், பதிவேட்டு நகலோடு கொடுத்தோம். காதை ஏன் முன்பே அறுத்தீர்கள் என்று கேட்டார்கள், நான் எடுத்த படங்களைச் சேர்த்து என் கடிதமும் போயிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. பாலிசித் தொகை 60,000. வந்தாலும் முழுதாக வரும் என்று நான் சொல்லவில்லை. சாவதற்கு முன் சந்தையில் அந்த மாடு என்ன விலை போகுமோ அது பாலிசித் தொகையைவிடக் குறைவென்றால் அதைத்தான் கொடுப்பார்கள்.

போன வாரம் வாட்ஸாப்பில் மூன்று படம் அனுப்பினார், மிச்சமிருக்கும் மூன்று மாடுகளின் காதுகள். இரண்டு எண் பாலிசியோடு சரியாக இருந்தது. மூன்றாவதில் சாணி அப்பிக் கடைசி இரண்டு இலக்கம் தெரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.